செய்த வேலைக்குச் சாட்சி

பெருந்துறைப் பக்கம் பதினைந்து வருடமாக எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். மத்திய அரசு டெண்டர்கள் வரும் eprocure.gov.in தளத்தில் பதிவு செய்வது அரை நாள் வேலைதான். பான், ஜிஎஸ்டி எண், உதயம் சான்று, டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் யுஎஸ்பி டோக்கன், அவ்வளவுதான். பழைய வேலைகளின் விவரத்தைச் சேர்க்கப் போனபோதுதான் சிரமம் தெரிந்தது.

ஒரு மத்திய அரசு அலுவலகம் பத்து லட்சத்துக்கு வயரிங் டெண்டர் விட்டிருந்தது. இதே மாதிரி வேலை ஒன்றை எட்டு லட்சத்துக்காவது முடித்திருக்க வேண்டும், அது தனியாருக்குச் செய்ததாக இருந்தால், பணம் கொடுத்தவர் வரி பிடித்துக் கட்டியதைக் காட்டும் டிடிஎஸ் ஆதாரமும் வேண்டும் என்று நிபந்தனை. பல்லடத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குப் பேனல் போர்டு, கேபிள் ட்ரே எல்லாம் போட்டு முடித்த வேலை கையில் இருந்தது. மில் முதலாளி, "வேலை நல்லாப் பண்ணுனீங்க, எழுதிக் குடுக்கறதுக்கு என்னங்க" என்று வேலை முடித்த சான்றை லெட்டர்ஹெட்டில் உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மதிப்பு 10,14,800 ரூபாய் என்று இருந்தது.

அதை ஏற்றிய பத்து நாளில் டெண்டர் விட்ட அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்துவிட்டது. யார் எவ்வளவு கொடுத்து எவ்வளவு டிடிஎஸ் பிடித்தார்கள் என்று வருமான வரிக் கணக்கில் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்த மில்லின் பெயரில் அவ்வளவு தொகை இல்லையாம். எடுத்துப் பார்த்தேன். 2021-22இல் 5,10,000, இறுதி பில் மே மாதம் பாஸ் ஆனதால் 2022-23இல் 3,50,000. இரண்டையும் கூட்டினால் 8,60,000தான். எனக்குப் பகீரென்றது. ஆடிட்டர்தான் நிதானமாகச் சொன்னார்: "வித்தியாசம் 1,54,800. அது 18 சதவீத ஜிஎஸ்டிங்க. பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு மீதிக்குத்தான் டிடிஎஸ் பிடிப்பாங்க." பிடித்தது ஒரு சதவீதம், 8,600 ரூபாய். அதுவும் சரியாக இருந்தது.

மறுபடி பல்லடம் போய்ச் சான்றை மாற்றி வாங்கினேன். இந்த முறை ஒர்க் ஆர்டர் எண், தொடங்கிய தேதி, முடித்த தேதி, ஜிஎஸ்டி இல்லாமல் மதிப்பு, ஜிஎஸ்டி தனியாக, மொத்தம் என்று வரிவரியாக எழுதச் சொன்னேன். இரண்டு வருட 26ஏஎஸ் பக்கங்களையும் சேர்த்து ஏற்றியதும் ஏற்றுக்கொண்டார்கள். சான்று வாங்கப் போகும் முன்பே 26ஏஎஸ்ஸை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற எண்ணைச் சான்றில் வரவைப்பதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். சான்றில் இருக்கிற எண் தவறில்லை என்றாலும், பார்க்கிறவருக்கு இரண்டு காகிதமும் ஒத்துப்போக வேண்டும்.

ஆனால் ஒரு வேலையை எந்த வகையிலும் சேர்க்க முடியவில்லை. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்கு ஆறு மாதம் இரவு பகலாக முழு வயரிங்கும் நாங்கள்தான் செய்தோம். ஆர்டர் பெரிய காண்ட்ராக்டர் பெயரில் இருந்தது. எங்களுக்கு வாராவாரம் கையில் ரொக்கம். 26ஏஎஸ்ஸில் ஒரு வரி இல்லை, சான்றும் அவர் பெயரில்தான். என் ஆட்கள் ஏழு பேர் அதில்தான் தொழிலே கற்றார்கள். என் வேலைப் பட்டியலில் அது இல்லை. இப்போது சப்-காண்ட்ராக்ட் எடுத்தாலும் முதல் நாளே என் பெயரில் ஒர்க் ஆர்டரும் வங்கி வழியாகப் பணமும் கேட்டுவிடுகிறேன். அதனால் இரண்டு வேலை கைவிட்டுப் போனது.