குக்கர் மூடி பறந்த வழக்கு: நுகர்வோர் ஆணையத்தில் நான் பார்த்தது

அம்மா துவரம் பருப்பு வைத்திருந்தார். ஒரு விசில்கூட வரவில்லை. சத்தம் கேட்டு ஓடிப் போனபோது மூடி சமையலறைக் கூரையில் மோதிக் கீழே கிடந்தது, அம்மாவின் வலது கையிலும் கழுத்திலும் கொதிக்கும் பருப்பு. ஐந்து லிட்டர் அலுமினிய குக்கர், மதுரையில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கியது. வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேஸ்கட் மாற்றியிருந்தோம்.

இந்த வழக்கு கடைசிவரை நின்றதற்கு இரண்டு பொருள்கள் காரணம். ஒன்று, அரசு மருத்துவமனையில் போட்ட ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். முதல் சிகிச்சையின்போதே 'குக்கர் மூடி கழன்று கொதிநீர்க் காயம்' என்று அதில் எழுதியிருந்தார்கள். காயம் எப்படி ஏற்பட்டது என்று பின்னால் யாரும் கதை மாற்ற முடியாமல் போனது அந்த ஒரு வரியால்தான். இரண்டாவது, அந்த குக்கரே. மறுநாள் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்து, "குக்கரைக் கொடுத்துவிடுங்கள் சார், எங்கள் லேபில் பார்த்துவிட்டுப் புதுசு தருகிறோம்" என்றார். நான் கொடுக்கவில்லை. கழுவவும் இல்லை. மூடி, வெயிட், கேஸ்கட், அடிப்பாத்திரம் எல்லாவற்றையும் இருந்த நிலையிலேயே படம் எடுத்து, துணியில் கட்டி அட்டைப்பெட்டியில் வைத்தேன். பொருளில் குறை இருந்ததா என்பதுதான் வழக்கே. அந்தப் பொருளை எதிராளியிடம் கொடுத்துவிட்டு ஆணையத்துக்குப் போனால் நம் கையில் பில் மட்டும்தான் இருக்கும்.

யார் மேல் வழக்குப் போடுவது என்பதில் ஆரம்பத்தில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. கடைக்காரர் "நான் விற்கத்தான் விற்றேன், தயாரித்தது அவர்கள்" என்றார். கம்பெனி, சர்வீஸ் சென்டரைக் காட்டியது. சர்வீஸ் சென்டர், அம்மா மூடியைச் சரியாகப் போடவில்லை என்றது. நுகர்வோர் வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞர் அண்ணன் சொன்ன யோசனைப்படி மூவரையும் எதிர்தரப்பினராகச் சேர்த்தேன். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர்கள் வராதவர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

மூவரையும் ஒரே குற்றச்சாட்டின் கீழ் இழுக்கக் கூடாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொருவருக்கும் தனி வாசல் வைத்திருக்கிறது. தயாரிப்பாளருக்கு 84-ஆவது பிரிவு: தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, தயாரிப்புக்கு வகுத்த விவரக்குறிப்பிலிருந்து விலகல், கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாக இருத்தல், சரியான எச்சரிக்கையோ பயன்பாட்டுக் குறிப்போ தராதது. இவற்றில் ஒன்று நிரூபணமானாலும் போதும். சர்வீஸ் சென்டர் மேல் சேவைக் குறைபாடு. அவர்கள் கொடுத்த ஜாப் கார்டில் 'கேஸ்கட் மாற்றப்பட்டது' என்பதற்குக் கீழே 'சேஃப்டி வால்வு சோதனை: சரி' என்று டிக் போட்டிருந்தது. கடைக்காரர் மேல் நேர்மையற்ற வணிக நடைமுறை. அவருடைய பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள்ளோ, அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளோ திரும்ப எடுக்க மறுப்பதை இந்தச் சட்டம் நேர்மையற்ற நடைமுறை என்கிறது. எங்கள் விஷயத்தில் 30 நாள் எப்போதோ கடந்துவிட்டது. ஆகவே கடையிடம் பணம் கேட்கவில்லை. அந்த வாசகத்தை இனி பில்லில் போடக் கூடாது என்று உத்தரவிடும்படி மட்டும் கேட்டேன்.

நிவாரணம் கேட்கும் பகுதியை எழுதும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொருள் பொறுப்பில் இழப்பீடு என்பது அந்தப் பொருளால் உண்டான பாதிப்புக்கு. உடல் காயம், அதனால் வந்த மன வேதனை, வேறு சொத்துக்கு வந்த சேதம் இவையெல்லாம் அதில் வரும். குக்கர் வீணாய்ப் போனது அதில் வராது. சட்டமே அதை விலக்கி வைத்திருக்கிறது. அதனால் குக்கரின் விலையை, 'குறையுள்ள பொருளுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பத் தருக' என்று தனியாகவும், அம்மாவின் காயத்துக்கான இழப்பீட்டைத் தனியாகவும் கேட்டோம். பில் என் பெயரில்தான் இருந்தது, ஆனால் வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்பதால் அம்மாதான் முறையீட்டாளர்.

பணச் செலவுக்கு பயந்து பலர் பின்வாங்குகிறார்கள். நாங்கள் கேட்ட இழப்பீடு மூன்று லட்சம், கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. கட்டணமும், எந்த ஆணையத்துக்குப் போக வேண்டும் என்பதும் பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான், கேட்கும் இழப்பீட்டை வைத்து இல்லை. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் முதலில் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, பிறகு இ-தாக்கில் தளத்தில் பதிவு செய்தோம். இப்போது அதற்குப் பதில் e-jagriti.gov.in.

ஆணையத்தின் நோட்டீஸ் போன பிறகு சர்வீஸ் சென்டர் அசையவே இல்லை. எதிர்தரப்பினர் பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள், ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. சர்வீஸ் சென்டரின் வழக்கறிஞர் அந்தக் கெடு தாண்டி வந்து பதிலுரையை நீட்டியபோது ஆணையம் வாங்கவில்லை. கம்பெனி மட்டும் நேரத்தோடு கொடுத்துவிட்டது.

கம்பெனியின் பதிலுரையில் இருந்த வாதம் இதுதான்: பருப்புத் தோல் வெயிட் துவாரத்தை அடைத்திருக்கும், உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும், துவாரத்தைச் சுத்தம் செய்யாதது உபயோகித்தவரின் தவறு. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால், தயாரித்து விற்பவர் உட்பட எந்த விற்பனையாளர் மேலும் பொருள் பொறுப்பு வழக்குப் போட முடியாது என்று 87-ஆவது பிரிவு சொல்வது உண்மைதான். கூடவே, வெளியில் வாங்கிய கேஸ்கட் போட்டிருக்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த இரண்டாவது வரிக்கு ஜாப் கார்டு பதில் சொல்லிவிட்டது. மாட்டியது அவர்களுடைய கேஸ்கட், மாட்டியவர்கள் அவர்களுடைய ஆட்கள்.

முதல் வாதத்துக்குத்தான் நிறைய யோசித்தேன். துவாரம் அடைத்தால் என்ன ஆக வேண்டும்? அந்த நிலைமைக்காகவே மூடியில் சேஃப்டி வால்வு இருக்கிறது. அதற்குள் இருக்கும் உலோகக் கலவை சூடு எல்லை மீறியதும் உருகி, ஆவிக்கு வழிவிட வேண்டும். அதுவும் போதாமல், கேஸ்கட் வெளியே பிதுங்கி ஆவியை விடுவதற்கு மூடியின் விளிம்பில் ஒரு திறப்பும் இருக்கும். எங்கள் மூடியில் வால்வு உருகாமல் முழுசாக இருந்தது. கேஸ்கட்டும் திறப்பு வழியாகப் பிதுங்கவில்லை. படங்களில் அது தெளிவாகத் தெரிந்தது. ஆகவே இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். அழுத்தம் எல்லை மீறியிருந்தால் பாதுகாப்பு அமைப்புகள் வேலை செய்யவில்லை. அழுத்தம் மீறவே இல்லை என்றால் மூடியின் பிடிமானம் தாங்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் குறை பொருளில்தான். கம்பெனியே 'அழுத்தம் ஏறியது' என்று எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டதால், மூடியைச் சரியாகப் போடவில்லை என்ற பேச்சும் அதோடு அடிபட்டுப் போனது. சரியாகப் பூட்டாத மூடிக்குள் அழுத்தம் அந்த அளவுக்கு ஏற முடியாதே.

ஆனால் தர்க்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. ஆய்வு இல்லாமல் கண்டறிய முடியாத குறை என்றால், பொருளின் மாதிரியை முத்திரையிட்டு அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு நாமே மனுப் போட்டுக் கேட்க வேண்டும், ஆய்வுக் கட்டணத்தையும் முதலில் நாம்தான் கட்ட வேண்டும். அட்டைப்பெட்டியை ஆணையத்தில் ஒப்படைத்தோம். எங்கள் கண் முன்னாலும் கம்பெனி வழக்கறிஞர் முன்னாலும் அரக்கு வைத்து முத்திரையிட்டார்கள். சட்டம் ஆய்வுக்கு 45 நாள் சொல்கிறது, எங்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆனது. வழக்கையே ஆய்வு இருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா. அம்மாவை ஒவ்வொரு முறையும் அழைத்துப் போகவில்லை, நானே அவருடைய அங்கீகாரக் கடிதத்தோடு ஆஜரானேன்.

குக்கருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 2347. 2021 பிப்ரவரியிலிருந்து வீட்டு குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். எங்கள் குக்கரில் முத்திரை இருந்தது, கம்பெனி அதையே பெரிய கேடயமாகப் பிடித்தது. ஆய்வறிக்கை வந்தபோது அந்தக் கேடயம் உதவவில்லை. வால்வில் நிரப்பியிருந்த உலோகம் உருக வேண்டிய எல்லையில் உருகவில்லை, தரநிர்ணயத்துக்குப் பொருந்தவில்லை என்று அறிக்கை சொன்னது. முத்திரை இருப்பது ஒன்று, அந்தக் குறிப்பிட்ட குக்கர் அந்தத் தரத்தில் இருப்பது வேறு.

தீர்ப்பில் தயாரிப்பாளர், குக்கரின் விலை, அம்மாவின் காயத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம், வழக்குச் செலவு, ஆய்வுக் கட்டணம் ஆகியவற்றைத் தர வேண்டும் என்று வந்தது. சர்வீஸ் சென்டருக்குப் பத்தாயிரம். சோதிக்காததைச் சோதித்ததாக எழுதிக் கொடுத்தது சேவைக் குறைபாடு என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். கடைக்காரர் மேல் பணம் எதுவும் இல்லை, பில்லில் உள்ள வாசகத்தை நீக்க உத்தரவு. கேட்ட மூன்று லட்சம் கிடைக்கவில்லை. வருமான இழப்புக்கு எங்களிடம் ஆவணம் இல்லை, அம்மா வீட்டில் தையல் வேலை செய்து சம்பாதித்ததற்குக் கணக்கு எதுவும் வைத்திருக்கவில்லை. அந்தத் தொகையை ஆணையம் ஒதுக்கிவிட்டது. அம்மாவின் உழைப்புக்குத் தாளில் சாட்சி இல்லை என்பதால் அது இல்லை என்றாகிவிட்டதே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

கெடு முடிந்தும் பணம் வரவில்லை. மேல்முறையீட்டுக்கு 45 நாள் உண்டு, போனால் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அவர்கள் அதுவும் செய்யாமல் சும்மா இருந்தார்கள். 72-ஆவது பிரிவில் மனுப் போட்டோம். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பது அந்தப் பிரிவு. நோட்டீஸ் சேர்ந்த பிறகு, அடுத்த வாய்தாவுக்கு முன்பே அம்மா பெயரில் டி.டி. வந்துவிட்டது.

மாவட்ட ஆணையம் எங்கள் வழக்கில் எங்கள் குக்கரைப் பற்றி மட்டும்தான் முடிவு சொன்னது. அதே பேட்ச்சில் அதே வால்வோடு வெளியே போன மற்ற குக்கர்களைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் இருக்கிறது. அந்தப் புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம். தீர்ப்பின் நகல், ஆய்வறிக்கை, குக்கரின் அடியில் பொறித்திருந்த பேட்ச் எண் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்கி வைத்திருக்கிறேன்.