காராமணியும் சூரியகாந்தியும்: இலையின் நீரியல் திறனை வீட்டிலேயே அளந்து பார்த்தது

இலை நீரை எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்பதைக் காட்டுவது நீரியல் திறன்; இலை காயக் காய அதன் எதிர்மறை மதிப்பு கூடும். அதை அளக்கக் கல்லூரிகளில் அழுத்தக் கலனைப் பயன்படுத்துவார்கள். அது என்னிடம் இல்லை. சர்க்கரைக் கரைசலும் மெத்திலீன் நீலமும் போதும் என்கிற சர்டகோவ் முறை இருக்கிறதே, அதை வைத்து ஒரே அளவுத் தொட்டிகளில் வளர்ந்த காராமணியையும் சூரியகாந்தியையும் காயவிட்டுப் பார்த்தேன்.

முறை எளிது. 0.1 மோலாரில் தொடங்கி 0.05 இடைவெளியில் சுக்ரோஸ் கரைசல்கள். 0.4 மோலாருக்கு 137 கிராம் சர்க்கரையைக் கரைத்து ஒரு லிட்டராக்க வேண்டும். ஒவ்வொரு கரைசலிலும் கொஞ்சம் சிறு குழாயில் எடுத்து, இலையிலிருந்து வெட்டிய வட்டுகளை நிறையப் போட்டு மூடி, முக்கால் மணி நேரம் விட்டேன். பிறகு வட்டுகளை எடுத்துவிட்டு, அதே செறிவுள்ள, இலை படாத கரைசலில் துளி நீலம் கலந்து, சிரிஞ்சால் குழாயின் நடுவில் ஒரு சொட்டு மெதுவாக விட வேண்டும். சொட்டு மேலே ஏறினால் குழாயிலிருந்த கரைசல் அடர்த்தியாகிவிட்டது, அதாவது இலை அதிலிருந்து நீரை இழுத்திருக்கிறது. கீழே இறங்கினால் இலை நீரை விட்டிருக்கிறது. எங்கே சொட்டு நகராமல் அப்படியே கலைந்து பரவுகிறதோ, அந்தக் கரைசலின் திறன்தான் இலையின் திறன்.

கரைசல் அதிகமாகவும் வட்டுகள் குறைவாகவும் இருந்தால் அடர்த்தி மாற்றம் கண்ணுக்கே தெரியாது. வெட்டிய ஓரத்தில் கசியும் சாறும் கணக்கைக் கெடுக்கும். வட்டுகளை ஒற்றி எடுத்துவிட்டுப் போடுவது நல்லது. இன்னொன்று, கரைசலின் திறனைக் கணிக்கப் பாடத்தில் வரும் Ψs = −RTc சூத்திரம் நீர்த்த கரைசலுக்குத்தான் சரி. 0.6 மோலாருக்கு அது சுமார் −1.5 மெகாபாஸ்கல் என்று சொல்லும், உண்மையில் −1.8 அளவில் இருக்கும். அதனால் அட்டவணை மதிப்பைத்தான் எடுத்துக்கொண்டேன்.

விடியுமுன் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை என்று அளந்தேன். இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடியிருப்பதால் விடியற்காலை இலை, வேரைச் சுற்றியுள்ள மண்ணோடு ஏறத்தாழ சமநிலைக்கு வந்துவிடும். ஆக விடியல் அளவு மண்ணின் நிலையைச் சொல்கிறது, நண்பகல் அளவு செடியின் நடத்தையைச் சொல்கிறது. கூடவே, மண்பரப்பை பாலித்தீனால் மூடி, தொட்டியைத் தராசில் வைத்து, நண்பகலில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு எடை குறைகிறது என்றும் குறித்துக்கொண்டேன்.

தண்ணீர் நிறுத்திய பிறகு இரண்டு தொட்டிகளும் விடியலில் ஏறத்தாழ −0.65 மெகாபாஸ்கலுக்கு வந்த நாளை ஒப்பிடுகிறேன். காராமணி, நன்றாக நீர் இருந்தபோது நண்பகலில் −0.95 காட்டியது, இப்போதும் −1.1தான். ஆனால் எடை இழப்பு 24 கிராமிலிருந்து 6 ஆகிவிட்டது. சூரியகாந்தியோ −1.1லிருந்து −1.6க்கு இறங்கியது, இழப்பு 40லிருந்து 26 கிராம். இலை துவண்டு தொங்குகிறது, நீராவிப்போக்கு நிற்கவில்லை!

மண் ஒரே அளவு காய்ந்திருந்தும், காராமணி இலையின் நீர்நிலை கெடுமுன்பே துளையை மூடிவிட்டது. இப்படி நண்பகல் திறனை விடாமல் காப்பதை ஐசோஹைட்ரிக் என்பார்கள். சூரியகாந்தி அதற்கு எதிரான அனைசோஹைட்ரிக் பக்கம். இலையின் நீர்நிலை பெரிதாக மாறாமலே துளை மூடுகிறது என்றால், வறட்சிச் செய்தி வேறு வழியிலும் வரவேண்டும். காயும் வேரில் உருவாகும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் சைலம் வழியே ஏறுவது ஒரு வழி. பல செடிகளில் இலையே அதைத் தயாரிக்கிறது. அந்த அமிலம், துளையின் இருபுறமும் உள்ள காப்பு செல்லின் எதிரயனிக் கால்வாய்களைத் திறக்க, குளோரைடும் மாலேட்டும் வெளியேறுகின்றன. சவ்வின் மின்னழுத்தம் மாறிப் பொட்டாசியமும் போகிறது. பின்னாலேயே நீரும் போய் விறைப்பு தளர, துளை மூடுகிறது.

ஆனால் 24லிருந்து 6 ஆனது முழுக்கத் துளையால்தான் என்று சொல்லமாட்டேன். காய்ந்த காராமணியின் சிற்றிலைகள் உச்சிவெயிலில் கதிருக்கு இணையாகத் திரும்பி நிற்கின்றன. வெப்பம் குறைந்தாலே ஆவியாதலும் குறையும். இதைப் பிரித்துப் பார்க்க, ஒரு சிற்றிலையை நூலால் கட்டிக் கிடையாக வைத்து, அடிப்பக்கத்தில் நகப்பாலிஷ் அச்சு எடுத்தேன். துளைகள் பெரும்பாலும் மூடியே இருந்தன. பாலிஷ் காய்வதற்குள் துளை அசையலாம் என்பதால், இதைத் திறப்பின் அளவாகக் கொள்ளாமல் திறந்ததா மூடியதா என்பதற்கு மட்டும் நம்பலாம்.

அப்புறம் இரண்டுக்கும் தண்ணீர் விட்டேன். சூரியகாந்தி சாயங்காலமே நிமிர்ந்துவிட்டது. மறுநாள் விடியலில் இரண்டின் திறனும் பழைய நிலைக்கு வந்திருந்தது. ஆனால் அன்று நண்பகலில் காராமணி 15 கிராம்தான் இழந்தது. நீர்நிலை சரியான பிறகும் துளைகள் முழுதாகத் திறக்கச் சற்றுத் தாமதமாகிறது. மிச்சமிருக்கும் அப்சிசிக் அமிலம் காரணமாக இருக்கலாம், ஆனால் தராசும் சர்க்கரையும் வைத்து அதைக் காட்ட முடியாது.