பனை லோகோவில் கீசெயின்: 3டி பிரிண்டிங் செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

நேற்று முடிவு வந்தது. செய்முறையில் தேறிவிட்டேன். அடுத்த அணி நாகர்கோவில் மையத்தில் உட்காரும் முன் இதை எழுதிவிடுகிறேன். தேர்வு நடக்கும் விதம் உங்களுக்கே தெரியும், அதனால் கீசெயின் கேள்வியை மட்டும் சொல்கிறேன். பலருக்கும் மதிப்பெண் போனது அங்கேதான்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு பனைமரம் போட்ட SVG கோப்பு. சுற்றிலும் ஒரு வளையம், நடுவில் ஒல்லியான தடி, மேலே விசிறி மாதிரி விரிந்த ஓலைகள், ஓலை நரம்புகள் வெள்ளைக் கோடுகளாக. உயரம் 50 மி.மீ. அடித்தட்டு வைக்கக் கூடாது, உருவமே கீசெயினாக நிற்க வேண்டும். திரையில் பார்த்தால் குறையே தெரியாது.

கோப்பைத் திறந்ததும் முதல் வேலையாக Inkscape-இல் `View > Display Mode > Outline` போடுங்கள். நிறம் போய் வெறும் கோடுகள் தெரியும். இந்த ஒரு பார்வைதான் என்னைக் கரையேற்றியது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். நிறத்தோடு பார்க்கும்போது ஒரே கறுப்பாகத் தெரிந்த ஓலைக்கொத்து, கோடாகப் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் ஏழெட்டு ஓலைகள். அவை ஒரே பாதைக்குள் துணைப்பாதைகளாக இருந்தன. அப்படியே எக்ஸ்ட்ரூட் செய்தால் என்ன ஆகும் என்பது, நிரப்பும் விதியை அந்த மென்பொருள் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. ஒற்றை-இரட்டை விதியில் எண்ணினால், இரண்டு ஓலை ஏறிய இடம் ஓட்டையாகும், மூன்று ஏறிய இடம் மறுபடி கெட்டியாகும். பக்கத்து சிஸ்டத்தில் இருந்த தம்பிக்கு ஓலைக்கொத்து சதுரங்கப் பலகை போலத்தான் வந்தது. பிரிண்டரில் எந்தக் கோளாறும் இல்லை.

இதற்கு நேரே Union கொடுத்தால் போதாது. பாதையின் நிரப்பும் விதி `evenodd` என்று இருந்தால் Union அந்த ஓட்டைகளையும் சேர்த்தே நிலைக்க வைத்துவிடும். ஓலைக்கொத்தை மட்டும் தேர்ந்தெடுத்து `Path > Break Apart`, பிறகு `Path > Union`. இதை வளையத்துக்குச் செய்துவிடாதீர்கள். வளையத்தின் உள்வட்டம் உண்மையான ஓட்டை. பிரித்துச் சேர்த்தால் வட்டத் தட்டாக அடைந்துவிடும்.

வெள்ளை நரம்புகள் தனிச் சங்கதி. கண்ணுக்கு வெட்டுப் போலத் தெரிந்தாலும் அவை கறுப்பின் மேல் வைத்த வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். எல்லாவற்றையும் பிடித்து Union கொடுத்தால் நரம்பு காணாமல் போகும். முதலில் `Path > Stroke to Path`, பிறகு நரம்பு மேலே இருக்க `Path > Difference`. ஆனால் அந்த நரம்பின் அகலத்தைப் பாருங்கள். 50 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்தபோது அது 0.3 மி.மீ. தான் இருந்தது. 0.4 நாசிலில் அவ்வளவு ஒல்லியான இடைவெளி இரண்டு பக்கமும் ஒட்டி மூடிக்கொள்ளும். நான் 0.8 ஆக்கினேன். நரம்பு ஓலையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடினால் துண்டு கழன்று விழும், ஆகவே அடிப்பக்கம் கொஞ்சம் விட்டு நிறுத்தினேன்.

அடுத்தது வெளியே தெரியாத வில்லங்கம். இரண்டு ஓலை நுனிகள் வளையத்தைத் தலா ஒரே ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. எக்ஸ்ட்ரூட் செய்ததும் அந்தப் புள்ளி ஒரு செங்குத்து விளிம்பாகிவிடும், அந்த ஒரு விளிம்பில் நான்கு பரப்புகள் வந்து சேரும். ஸ்லைசர் இதை non-manifold என்று எச்சரிக்கும். எச்சரிக்காமல் விட்டாலும் அந்த இடத்தில் ஒட்டு நிற்காது. நுனியை அரை மி.மீ. வளையத்துக்குள் தள்ளி Union கொடுத்தால் சரியாகிவிடும்.

ஏற்றுமதிக்கு முன் நான் பார்த்தவை:

- எழுத்து இருந்தால் `Object to Path` ஆகிவிட்டதா
- வெளிக்கோடு மட்டும் உள்ள உருவம் ஏதும் மிச்சம் இருக்கிறதா
- பக்க அளவு உருவத்தோடு ஒட்டி இருக்கிறதா, அலகு மி.மீ. தானா

சாவி வளையம் மாட்டும் காதை வைப்பதற்கு OpenSCAD:

```
$fn = 64;
linear_extrude(height = 3)
difference() {
  union() {
    import("panai.svg");
    translate([25, 52.5]) circle(d = 9);
  }
  translate([25, 52.5]) circle(d = 4.5);
}
```

காதின் சுவர் 2.25 மி.மீ. வருகிறது, வளையத்துக்குள்ளும் 2 மி.மீ. இறங்குகிறது. சாவி வளையம் இழுப்பது இந்த இடத்தைத்தான். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

இனி தடிமன். தேர்வாளர் முந்தின அணியில் ஒருவர் செய்த 2 மி.மீ. துண்டைக் கையில் வைத்து, பனந்தடியை விரலால் அழுத்திக் காட்டினார். “இது வளையும்லா மக்கா, என்ன செய்வே?” என்று கேட்டார். “தடியை அகலமாக்குவேன் சார்” என்பதுதான் எல்லாருக்கும் முதலில் வாயில் வரும் பதில். கணக்குப் போட்டால் விஷயம் வேறு. வளைவை எதிர்க்கும் திறன் அகலத்துக்கு நேர்விகிதம், தடிமனின் முப்படிக்கோ நேர்விகிதம்.

தடி 4 மி.மீ. அகலம், 18 மி.மீ. நீளம். ஒரு முனை பிடித்திருக்க, மறுமுனையில் ஏறக்குறைய அரைக் கிலோ பாரம், அதாவது 5 நியூட்டன் என்று வையுங்கள். பி.எல்.ஏ.வின் மீள்மைக் குணகம் 3000 மெகாபாஸ்கல் என்று எடுத்தால், 2 மி.மீ. தடிமனில் நுனி 1.2 மி.மீ. தாழும். தடியை 6 மி.மீ. அகலமாக்கினால் 0.8. அகலத்தை அப்படியே விட்டுத் தடிமனை 3 ஆக்கினால் 0.36. தடியில் கூடும் பொருள் இரண்டிலும் ஒரே அளவு, பாதி மடங்கு. அகலமாக்கினால் பனை தென்னையாகிவிடும் என்பது இன்னொரு பக்கம். இந்த மூன்று எண்ணையும் தாளில் எழுதிக் காட்டினேன். “சரி, அச்சுக்குப் போடு” என்றுவிட்டார்.

அப்படியானால் 5 மி.மீ. போட்டால் என்ன என்று கேட்பீர்கள். சட்டைப் பையில் முட்டும், நேரமும் கூடும், 3-லேயே விறைப்பு தேவைக்கு மேல் வந்துவிட்டது. என் கைக்கு 3 தான் சரி. அடித்தட்டு உள்ள லோகோவாக இருந்தால் 2.4 கூடப் போதும், அங்கே ஒல்லியான கழுத்து எதுவும் தனியாக நிற்பதில்லை. எந்த அளவானாலும் அடுக்கு உயரத்தின் மடங்காக எடுங்கள். 0.2 அடுக்கில் 2.5 என்று கேட்டால் ஸ்லைசர் 2.4 அல்லது 2.6 தான் தரும், வெர்னியரில் அளந்தால் உங்கள் கணக்கு பொய்யாகும். ஸ்லைசரில் பெரிதாக்கும்போது X, Y, Z மூன்று அச்சும் சேர்ந்து மாறுகிறதா என்றும் பாருங்கள், மாறினால் தடிமனும் ஓடிவிடும்.

இன்ஃபில் பற்றிக் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: வளைவைத் தாங்குவது மேல், கீழ்த் தோல்கள். 3 மி.மீ. என்பது 15 அடுக்கு. மேலே ஐந்து, கீழே நான்கு கெட்டியாகப் போட்டால் நடுவில் ஆறுதான் மிச்சம். நடு அடுக்குகள் வளைவுக்குத் தரும் பங்கு மிகக் குறைவு. படுக்கவைத்தே அச்சிடுங்கள். நிமிர்த்தி அச்சிட்டால் அடுக்குகள் தடிக்குக் குறுக்கே விழும், அழுத்தினால் அடுக்குப் பிரிந்து சடக்கென்று ஒடியும்.

வாய்மொழியில் கடைசியாக வந்த கேள்வி வெயில் பற்றியது. வடசேரி பேருந்து நிலையத்தில் மத்தியானம் வரை நிற்கும் பைக்கில் இந்தக் கீசெயின் தொங்கினால்? பி.எல்.ஏ. 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும், தடிமன் கூட்டினாலும் அந்த வெப்பநிலை மாறாது. அங்கே பி.இ.டி.ஜி.தான் பதில், அது 80 டிகிரி வாக்கு வரை தாங்கும். அதன் மீள்மைக் குணகம் பி.எல்.ஏ.வை விடக் குறைவு என்பதால் தடிமன் 3.4 ஆக வேண்டும் என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.