பனியன் கம்பெனியில் கிடைத்த ஆய்வு வினா

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் எட்டு வார உள்ளகப் பயிற்சிக்குத் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனிக்குப் போனேன். அந்தப் பயிற்சியை வைத்தே ஆய்வேடு எழுத வேண்டும். கல்லூரியில் ஒரு பேராசிரியை நெறியாளர். அடுத்த ஆண்டு மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது தலைப்பை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான். என் தலைப்பு இரண்டு முறை மாறியது. ஒவ்வொரு முறையும் அது ஏன் மாறியது என்று சொன்னாலே அவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

கம்பெனிக்குள் கால் வைக்கும் முன்பே ஒரு தலைப்பை எழுதி வைத்திருந்தேன்: 'பின்னலாடைத் தொழிலாளர்களின் பணி மனநிறைவு குறித்த ஓர் ஆய்வு'. எங்கள் துறை நூலகத்தில் இதே பெயரில் ஊர் மட்டும் மாறிய ஆய்வேடுகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. முதல் வாரமே நாற்பது வினாத்தாள்களை மனிதவளப் பிரிவில் கொடுத்தேன். மறுநாள் மாலையே அவை திரும்பி வந்தன. புரட்டிப் பார்த்தபோது பதினெட்டுத் தாள்களில் எல்லாக் கேள்விகளுக்கும் 'மிகவும் திருப்தி' என்ற ஒரே கட்டத்தில், மேலிருந்து கீழாக ஒரே பேனாவில் டிக் போட்டிருந்தது. மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று வாங்கியிருக்கிறார். அங்கே தைத்தவர்களில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். தமிழில் அச்சிட்ட வினாத்தாளை அவர்கள் எப்படிப் படித்திருக்க முடியும்?

அந்தக் கட்டை நெறியாளரிடம் கொண்டுபோனேன். அவர் தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "எழுபது சதவீதம் பேர் திருப்தி என்று வந்தால் என்ன எழுதுவாய்? நாற்பது சதவீதம் என்று வந்தால் என்ன எழுதுவாய்?" இரண்டுக்கும் என்னிடம் ஒரே பரிந்துரைதான் இருந்தது: ஊக்கத்தொகை தரலாம், கேண்டீனை மேம்படுத்தலாம். "விடை எப்படி வந்தாலும் நீ எழுதப்போவது மாறாது என்றால் அது ஆய்வு வினா இல்லை அம்மா. திரும்பிப் போய் மூன்று நாள் எதுவும் கேட்காமல் பார். அங்கே தினமும் எதைக் குறித்து வைக்கிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டு வா" என்றார்.

பயிற்சிக்குப் போகிறவர்கள் தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன் இதைத்தான் செய்ய வேண்டும். கம்பெனியில் என்னென்ன பதிவேடுகள் இருக்கின்றன, யார் எழுதுகிறார்கள், எப்போது எழுதுகிறார்கள் என்று பாருங்கள். அன்றன்றைக்கு எழுதப்படும் பதிவேடும், தணிக்கைக்காக மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பும் பதிவேடும் பார்த்தாலே வேறுபடும். முதலாவதில் அடித்தலும் திருத்தலும் எண்ணெய்க் கறையும் இருக்கும்.

எனக்குக் கிடைத்தது தையல் வரிசைகளின் தலைமாட்டில் தொங்கிய உற்பத்திப் பலகை. மணிக்கு எத்தனை பீஸ் வெளியே வந்தது என்று மேற்பார்வையாளர் சாக்பீஸால் எழுதுவார். மாலையில் ஒருவர் அதை நோட்டில் ஏற்றுவார். ஆறு வரிசை, ஓர் ஆண்டு நோட்டு. புரட்டியபோது கண்ணில் பட்டது ஒன்றுதான். தைக்கும் உடுப்பின் மாதிரி, அங்கே 'ஸ்டைல்' என்பார்கள், மாறும் நாளில் எண் தடாலென்று விழுகிறது. உற்பத்தி மேலாளரும் அதையேதான் சொன்னார்: "ஸ்டைல் மாறினால் மூன்று நாள் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்."

இரண்டாவது தலைப்பு அங்கே பிறந்தது: 'ஸ்டைல் மாற்றம் உற்பத்தியில் ஏற்படுத்தும் தாக்கம்'. நல்ல விஷயம் பிடித்துவிட்டோம் என்று மகிழ்ச்சியோடு போனேன். நெறியாளர் நோட்டிலிருந்து இரண்டு நாள் கணக்கை எடுத்து, ஒரு தாளின் பின்புறத்தில் எழுதச் சொன்னார். ஒரு வரிசையில் 30 பேர், 480 நிமிடம்; ஆக மொத்தம் 14,400 நிமிடம். முதல் நாள் வட்டக் கழுத்து டி-ஷர்ட் 1,400 பீஸ். அதைத் தைக்க நிர்ணயித்த நேரம், அங்கே 'சாம்' என்பார்கள், பீஸுக்கு 6 நிமிடம். அப்படியென்றால் 14,400-ல் 8,400 நிமிட வேலை நடந்திருக்கிறது; வரிசையின் திறன் 58 சதவீதம். இரண்டாவது நாள் காலர் வைத்த போலோ 600 பீஸ், சாம் 15 நிமிடம். 9,000 நிமிட வேலை; 62 சதவீதத்துக்கும் மேல்.

பீஸ் எண்ணிக்கை பாதிக்கும் கீழே விழுந்த நாளில் வரிசை உண்மையில் கூடுதலாக வேலை செய்திருந்தது. நோட்டில் நான் பார்த்த சரிவில் ஒரு பகுதி, உடுப்பு பெரிதானதால் வந்த சரிவு மட்டுமே. வெவ்வேறு ஸ்டைல்களைப் பீஸ் கணக்கில் ஒப்பிடவே கூடாது என்று அன்றுதான் புரிந்தது. எதை அளக்கிறோம் என்பதை முடிவு செய்யாமல் வினாவை எழுதவே முடியாது. அதன்பிறகு சாம் நிமிடத்தை வைத்துத்தான் எல்லாவற்றையும் கணக்கிட்டேன். ஒன்றரை ஷிப்ட் ஓடிய நாட்களில் 480-க்குப் பதில் 720 நிமிடம் போட மறக்கக் கூடாது. நான் இரண்டு இடத்தில் மறந்து, சதவீதம் நூறைத் தாண்டியபோதுதான் கண்டுபிடித்தேன்.

'தாக்கம்' என்ற சொல்லையும் அவர் அடித்துவிட்டார். ஸ்டைல் மாறினால் திறன் குறையும் என்பது மேலாளருக்கே தெரியும். அதை நிரூபிக்க ஓர் ஆய்வேடு எதற்கு? எல்லா மாற்றத்திலும் ஒரே அளவு குறைகிறதா, சிலவற்றில் மட்டும் அதிகமாகக் குறைகிறதா என்று பார்க்கச் சொன்னார். படிப்பதற்கு ஒரு திறவுகோலும் தந்தார். 1936-ல் ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர், விமானத் தயாரிப்பில் மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒரு விமானத்துக்கான உழைப்பு ஏறத்தாழ 20 சதவீதம் குறைவதைக் காட்டினார். கற்றல் வளைவு என்பது அதுதான். கை பழகப் பழக நேரம் குறைகிறது என்றால், கைக்குப் பழகாத வேலை எத்தனை என்பதுதானே முதல் நாள் சரிவைத் தீர்மானிக்க வேண்டும்?

மூன்றாவது வடிவம் இப்படி வந்தது: 'ஸ்டைல் மாறிய முதல் மூன்று நாட்களில் ஒரு தையல் வரிசையின் திறன் குறைவது, அந்த வரிசைக்குப் பழக்கமில்லாத ஆபரேஷன்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறுகிறதா?' ஆபரேஷன் என்பது ஓர் உடுப்பைத் தைப்பதில் ஒவ்வொரு படி. போலோ வந்தால் காலர் வைப்பதும், கழுத்துத் திறப்பில் பட்டன் வரும் பட்டியான பிளாக்கெட் தைப்பதும் வட்டக் கழுத்து தைத்தவர்களுக்குப் புதிது. கை மூட்டுவதும் அடி மடிப்பதும் பழையது. 'பழக்கமில்லாத' என்பதையும் எண்ணக்கூடியதாக்க வேண்டியிருந்தது. கடந்த மூன்று மாதத்தில் அந்த வரிசையில் தைக்கப்படாத ஆபரேஷன் என்று வரையறுத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஆபரேஷன் பட்டியல் கோப்பில் இருந்ததால் இது சாத்தியமானது. அந்தக் கோப்பு இல்லாத கம்பெனியில் இந்த வினா அழகாக இருக்கும், ஆனால் பதில் கிடைக்காது.

பதிவு செய்வதற்கு முன் கம்பெனியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கச் சொன்னார் நெறியாளர். எந்தெந்த நோட்டுகளைப் பார்ப்பேன், எவற்றை வெளியிடமாட்டேன் என்று ஒரு பக்கக் கடிதம். வாங்குபவரின் பெயரும் விலையும் ஆய்வேட்டில் வராது என்று எழுதியதும் மேலாளர் உடனே கையெழுத்திட்டார். என் வகுப்புத் தோழி ஒருத்தி வாய்மொழி அனுமதியை நம்பி ஆறு வாரம் உழைத்தாள். கடைசியில் கணக்குகளைக் கல்லூரிக்குத் தர முடியாது என்று அவள் சென்ற நிறுவனம் மறுத்துவிட்டது. புதிய தலைப்பில் அவசரமாக ஒரு வினாத்தாள் ஆய்வு செய்துதான் அவள் முடித்தாள்.

மேலாளருக்கு வேறொரு ஆசையும் இருந்தது. ஆட்கள் வேலையை விட்டு ஏன் போகிறார்கள் என்று கண்டுபிடித்துத் தீர்வும் சொல்ல வேண்டும் என்றார். மறுக்கத் தயக்கமாக இருந்தது. "வேலையை விட்டுப் போனவர்கள் கம்பெனிக்குள் இல்லை. உள்ளே இருப்பவர்களிடம் கேட்டு அதை எப்படி எழுதுவாய்?" என்றார் நெறியாளர். அதை அப்படியே மேலாளரிடம் சொன்னேன், ஒத்துக்கொண்டார். கம்பெனி கேட்பதும் கல்லூரி கேட்பதும் முரண்படும்போது, இரண்டுக்கும் நடுவில் நீங்களே தலைப்பை வளைக்காதீர்கள். நெறியாளரின் காரணத்தைக் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

இனி, வினாவைப் பதிவு செய்த பிறகு வந்த இரண்டு சிக்கல்கள். பலகையில் எண் மட்டும்தான் இருக்கும், காரணம் இருக்காது. ஒருநாள் காலை பத்து மணிக்கு நான்காம் வரிசையில் முப்பது மெஷினும் நின்றிருந்தன. ஸ்டைல் புதிது, கை பழகவில்லை என்று நானே எழுதியிருப்பேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் பட்டன் வரவில்லை. அன்றிலிருந்து துணி, லேபிள், பட்டன், மெஷின் பழுது என்று எதற்காக எத்தனை நிமிடம் நின்றார்கள் என்பதைத் தனியாக ஒரு நோட்டில் குறித்து, அந்த நிமிடங்களைக் கழித்துவிட்டே திறனைக் கணக்கிட்டேன். பழைய ஓராண்டு நோட்டு இதனால் பயன்படாமல் போனது. மனம் கனத்தது; ஆனால் காரணம் தெரியாத எண்களைச் சேர்த்திருந்தால் விடை எதைச் சொல்கிறது என்றே தெரிந்திருக்காது.

இரண்டாவது சிக்கலை நெறியாளர்தான் பிடித்தார். கடினமான ஸ்டைல்களைக் கம்பெனி யாரிடம் கொடுக்கும்? கை தேர்ந்த வரிசையிடம்தான். அப்படியானால் புதிய ஆபரேஷன் அதிகமுள்ள ஸ்டைல் நல்ல வரிசைக்குப் போய், சரிவு குறைவாகத் தெரியும்; வினாவுக்குத் தலைகீழ் விடை வரும். அதனால் வரிசைக்கு வரிசை ஒப்பிடாமல், ஒவ்வொரு வரிசையையும் மாற்றத்துக்கு முந்தைய அதன் சொந்தத் திறனோடு மட்டும் ஒப்பிட்டேன்.

கடைசியில் கையில் இருந்தவை 24 மாற்றங்கள். பயிற்சி முடிவில் பாதியில் நின்றவற்றையும் நான் இல்லாத நாட்களையும் கழித்தால் 19. இதை வைத்துப் பெரிய புள்ளியியல் செய்ய நெறியாளர் விடவில்லை. ஒரு புள்ளி வரைபடமும் தரவரிசை ஒட்டுறவும் போதும் என்றார். பழக்கமில்லாத ஆபரேஷன் இரண்டு வரை இருந்த மாற்றங்களில் வரிசை பெரும்பாலும் இரண்டாம் நாளே பழைய நிலைக்கு வந்தது; நான்குக்கு மேல் போனவற்றில் மூன்றாம் நாள் மாலையிலும் வரவில்லை. ஒரே கம்பெனி, ஆறு வரிசை, ஆறு வாரம் என்று வரம்புகளை முதல் அத்தியாயத்திலேயே எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் நேரே கேட்ட முதல் கேள்வி பட்டன் வராத நாளைப் பற்றியது. நோட்டைத் திறந்து காட்டினேன்: நான்காம் வரிசை, 10.05 முதல் 11.40 வரை, 95 நிமிடம்.