மூன்று நிறமாலைமானி, நாற்பத்தெட்டு பிள்ளைகள்: பிளஸ் டூ இயற்பியல் லேபில் பேட்ச் பிரிக்கும் விதம்

பிளஸ் டூ இயற்பியல் எடுக்கும் புது ஆசிரியர்கள் சிலர் ஜூன் மாதமே கேட்கும் கேள்வி இது: வகுப்பில் 48 பேர், லேபில் எல்லாமே மூன்று நான்குதான் இருக்கிறது, எப்படிப் பிரித்தால் எல்லோரும் எல்லாச் சோதனையும் செய்து முடிப்பார்கள்? நான் பல வருடங்களாகச் செய்துவரும் முறையை அப்படியே எழுதுகிறேன், உங்கள் லேபுக்குத் தகுந்தபடி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் சோதனைகளை எண்ணாதீர்கள், கருவிகளை எண்ணுங்கள். பட்டியலில் முப்பட்டகச் சோதனை ஒன்று, கீற்றணிச் சோதனை ஒன்று என்று தனித்தனியாக இருக்கும், ஆனால் இரண்டுக்கும் வேண்டியது ஒரே நிறமாலைமானி. மீட்டர் சமனச்சுற்றும் மின்னழுத்தமானியும் ஒரே கால்வனாமீட்டரையும் ஜாக்கியையும் கேட்கும். சாதா டையோடும் செனார் டையோடும் ஒரே பவர் சப்ளையையும் மில்லி அம்மீட்டரையும் கேட்கும். இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் சுழற்றினால் காகிதத்தில் அழகாக இருக்கும், லேபில் முப்பட்டகக் குழுவும் கீற்றணிக் குழுவும் ஒரே மேசைக்கு வந்து நிற்கும்.

அதனால் ஒரே கருவியைக் கேட்கும் சோதனைகளை வேறு வேறு சுற்றில் போடுகிறேன். முதல் சுற்றில் மீட்டர் சமனச்சுற்று, டேஞ்சண்ட் கால்வனாமீட்டர், முப்பட்டகம், சாதா டையோடு. இரண்டாம் சுற்றில் மின்னழுத்தமானி, கீற்றணி, செனார் டையோடு, லாஜிக் கேட். இதில் இன்னொரு லாபமும் உண்டு: முப்பட்டகத்தில் தொலைநோக்கியைச் சரிசெய்யப் பழகிய பிள்ளை கீற்றணிக்கு வரும்போது தடுமாறாது.

இப்போது கணக்கு. 48 பேரை A, B என இரண்டு பேட்சாக்கி, வாரத்தில் ஆளுக்கொரு நாள் இரண்டு பீரியட் சேர்த்துக் கொடுக்கிறோம், அதாவது ஒன்றரை மணி நேரம். ஒரு பேட்சில் 24 பேர், இருவர் இருவராக 12 குழு. ஒரு சுற்றுக்கு நான்கு சோதனை, ஒவ்வொன்றுக்கும் மூன்று செட் வைத்தால் 12 குழுவுக்கும் மேசை கிடைத்துவிடுகிறது. முதல் முறை 1 முதல் 3 வரையான குழுக்கள் சமனச்சுற்றில், 4 முதல் 6 வரை டேஞ்சண்டில், அடுத்த மூன்று முப்பட்டகத்தில், கடைசி மூன்று டையோடில். அடுத்த முறை ஒவ்வொருவரும் ஒரு இடம் நகர வேண்டும், டையோடு குழு சமனச்சுற்றுக்குத் திரும்பி வரும். நான்கு முறையில் சுற்று முடிந்துவிடும். எந்தக் கருவி உங்களிடம் மிகக் குறைவோ அதுதான் செட் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். எங்களிடம் அது நிறமாலைமானி, நல்ல நிலையில் மூன்று. உங்களிடம் இரண்டுதான் இருக்கிறதென்றால் மூவர் குழுவாக்காதீர்கள், ஐபீஸ் வழியே மூன்றாவது பிள்ளை பார்க்கவே போவதில்லை. சுற்றுக்கு ஆறு சோதனை என்று ஆக்கி, செட்டை இரண்டாக வைத்தால் அதே 12 குழு உட்காரும். சுற்று ஆறு முறை நீளும், அவ்வளவுதான். ஆனால் ஆறு சோதனையை ஒரே சுற்றில் வைக்கும்போது ஒரே கருவி இரண்டுக்கும் போகிறதா என்று மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த சிக்கல் நேரம். டையோடுக்காரர்கள் 0.1 வோல்ட் வீதம் ஏற்றிக்கொண்டே போய் ஒரு பீரியடுக்குள் அளவீட்டை முடித்துவிடுவார்கள், முப்பட்டகக் குழு மணி அடிக்கும்போதும் சிறும விலகலைத் தேடிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்து பெரும்பாலான லேப் அட்டவணைகள் சரிவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் முடிக்காத குழு அடுத்த வாரமும் அதே மேசையைக் கேட்கும், அப்புறம் சுழற்சி மொத்தமும் நின்றுவிடும். வேகமான சோதனைக்கு வேலை சேர்ப்பதும், மெதுவான சோதனையிலிருந்து வேலையை முன்னாடியே எடுத்துவிடுவதும் இரண்டும் வேண்டும். டையோடு குழு வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, லேபிலேயே வரைந்து முழங்கால் மின்னழுத்தமும் முன்னோக்கு மின்தடையும் கண்டு கையெழுத்து வாங்க வேண்டும். நிறமாலைமானிக்கு சுற்று தொடங்குவதற்கு முன் ஒரு வகுப்பு முழுவதும் செலவழிக்கிறேன்: ஜன்னல் வழியே தூரத்து மரத்தைப் பார்த்து தொலைநோக்கியைச் சரிசெய்வது, பிளவைக் கூர்மையாக்குவது, வெர்னியர் படிப்பது. இதை எல்லாக் குழுவும் முன்கூட்டியே செய்துவிட்டால் அன்றைய வேலை முப்பட்டகக் கோணமும் சிறும விலகலும் மட்டும்தான்.

அந்த வெர்னியர் விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தொலைநோக்கியைத் திருப்பும்போது ஒரு வெர்னியர் 360-ஐத் தாண்டி 0-க்கு வந்துவிடும். முதல் அளவு 340, அடுத்தது 20 என்றால் பிள்ளைகள் கழித்து 320 என்று எழுதிவிட்டு, விடை வராமல் முழுச் சோதனையையும் திரும்பச் செய்வார்கள். 20-உடன் 360-ஐக் கூட்டி 380 ஆக்கினால் வித்தியாசம் 40. கண்டுபிடிக்க எளிய வழி, இரண்டு வெர்னியரிலும் வரும் வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே நிறுத்திப் பாருங்கள். ஒரு குழுவுக்கு அரை மணி நேரம் மிச்சமாகும்.

மேசைகளை எங்கே போடுகிறோம் என்பதும் நேரக் கணக்குதான். டேஞ்சண்ட் கால்வனாமீட்டர் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒன்றின் சுருளும் காந்த ஊசியும் மற்றதைத் தொந்தரவு செய்யும். இரும்பு ஸ்டூலும் ரியோஸ்டாட்டும் தள்ளி இருக்கட்டும். மின்னோட்டத்தைத் திருப்பும் முன்னும் பின்னும் எடுத்த விலகல்கள் பெரிதாக வேறுபட்டால், சுருளின் தளம் காந்த வடக்கு-தெற்கில் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா, பக்கத்தில் இரும்பு எதுவும் இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். விலகல் 30 முதல் 60 டிகிரிக்குள் வரும்படி மின்னோட்டத்தை வைக்கச் சொல்லுங்கள். நிறமாலைமானிகளுக்கு இருட்டான மூலை. சோடியம் விளக்கு முழு மஞ்சளாக வர கொஞ்ச நேரம் எடுக்கும், அதனால் ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் சொல்லி பீரியடுக்கு முன்பே போட்டு வைத்துவிட வேண்டும்.

இரண்டு பேட்சும் சேர்ந்து முடிப்பதற்கு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: அட்டவணையில் தேதி எழுத மாட்டேன், முறை எண் மட்டும்தான். A பேட்சின் திங்கட்கிழமை விடுமுறையில் போய்விட்டால் அவர்கள் மூன்றாம் முறையிலேயே நிற்பார்கள், B நான்கை முடித்துவிட்டுக் காத்திருக்கும். அந்தக் காத்திருக்கும் நாளை B ரெக்கார்டு நோட்டு முடிக்கவும், ஆப்சென்ட் ஆனவர்கள் விட்ட சோதனையைச் செய்யவும் எடுத்துக்கொள்ளும். A-யும் தனது நான்கை முடித்த பிறகு இதே மாதிரி ஒரு நாள் எடுக்கும். அதற்கு அப்புறம்தான் மேசையில் உள்ள கருவிகள் எல்லாம் மொத்தமாக மாறும், ஏனென்றால் B மட்டும் முன்னால் போய்விட்டால் உதவியாளர் வாரத்துக்கு இரண்டு முறை எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் கொண்டிருக்க வேண்டும், கால்வனாமீட்டர் முனைகள் கழன்று போவது இந்த இழுபறியில்தான்.

ஆப்சென்ட் ஆன பிள்ளை அடுத்த வாரம் வந்து "சார், நான் போன வாரம் விட்டதைச் செய்யட்டுமா" என்று கேட்பான், விடாதீர்கள். அவனுடைய குழு இப்போது எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவனும் இருக்க வேண்டும், விட்டது அந்த ஐந்தாவது காலி நாளுக்குப் போகட்டும். ஒரே ஒருவனுக்காக அட்டவணையை அசைத்தால் அவன் போய் நிற்கும் மேசையில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் மூன்று பேராகிவிடுவார்கள். வகுப்பில் 49 பேர் என்றால் ஒரு பேட்சில் ஒரு குழு மூன்று பேராகத்தான் ஆகும். அந்தக் குழுவுக்கு மட்டும் நிறமாலைமானி முறை வரும்போது ஒவ்வொருவரும் சிறும விலகலைத் தனியாகக் கண்டு காட்டிவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன், பொதுத்தேர்வு செய்முறையில் எந்தச் சோதனை வரும் என்பது அவர்கள் கையில் இல்லை.