வெள்ளைச் சட்டைக்குப் பின்னால் எந்தத் துணி? போர்ட்ரெய்ட் பிராக்டிக்கல் அனுபவம்

விஸ்காம் படிப்பில் போட்டோகிராபி பிராக்டிக்கலுக்குத் தயாராகிறவர்களுக்காக எழுதுகிறேன். போர்ட்ரெய்ட் கேள்வி வந்தால் லைட்டை எங்கே வைப்பது என்றுதான் எல்லோரும் யோசிப்போம். எனக்கு மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்தது லைட்டால் இல்லை. பின்னால் தொங்கிய துணியால்.

அன்றைக்கு என் தோழி அரக்கு நிறப் பட்டுப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். சிவப்புக்கு எதிர் நிறம் பச்சை என்று படித்திருந்ததால், ஸ்டுடியோவில் இருந்த கரும்பச்சைத் துணியை எடுத்து மாட்டினேன். கேமரா திரையில் படம் நன்றாகவே தெரிந்தது. திருத்திய ஆசிரியர் அதைக் கணினியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக் காட்டினார். தோள் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. முகம் மட்டும் தனியாக மிதந்தது. அரக்கும் கரும்பச்சையும் நிறத்தில்தான் வேறு. வெளிச்ச அளவில் இரண்டும் ஒன்று. போதாததற்கு, அவளைத் துணிக்கு அரை மீட்டர் முன்னால்தான் உட்கார வைத்திருந்தேன். துணியில் பட்டுத் திரும்பிய பச்சை அவள் தாடையோரத்தில் படிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். துணியை மாட்டியதும் கேமராவின் பட அமைப்பை மோனோக்ரோமுக்கு மாற்றி ஒரு படம் எடுத்துப் பார்ப்பேன். முடி, முகம், உடை மூன்றின் ஓரமும் அதில் தனித்தனியாகத் தெரிந்தால்தான் நிறத்தைப் பற்றியே யோசிப்பேன். கேமரா கையில் இல்லாதபோது கண்ணை நன்றாக இடுக்கிப் பார்த்தாலும் ஓரளவு இதே விடை கிடைக்கும்.

செமஸ்டர் தேர்வில் எனக்கு அமைந்தவர் துறையில் வேலை பார்க்கும் அண்ணன். நல்ல கருமையான நிறம், அடர்ந்த கறுப்பு முடி, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அறையில் வெள்ளை, சாம்பல், கறுப்பு, சந்தன நிறம், பச்சை என்று ஐந்து துணிகள் இருந்தன. கறுப்பை மாட்டினால் முடி கரைந்துவிடும். வெள்ளையில் சட்டை கரையும் என்று தோன்றியது. ஆகவே நடுவில் இருக்கும் சாம்பல்தான் பாதுகாப்பு என்று எனக்கு முன்னால் போனவர்கள் அதையே எடுத்தார்கள். என் கையும் முதலில் அதற்குத்தான் போனது.

எடுக்கும் முன் அளந்து பார்த்தேன். எல்ஈடி லைட்டை முகத்திலிருந்து ஒன்றரை மீட்டரில், பக்கவாட்டில் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன். ஐஎஸ்ஓவையும் அப்பர்ச்சரையும் மாற்றாமல், ஸ்பாட் மீட்டரிங்கில் ஒவ்வொரு இடமாகப் பார்த்துக் கேமரா கேட்கும் ஷட்டர் வேகத்தைக் குறித்துக்கொண்டேன். வெளிச்சம் பட்ட கன்னம் 1/60. சட்டை 1/500. முடி 1/15. ஷட்டர் வேகம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப் என்று கணக்கு. அப்படியானால் முடிக்கும் கன்னத்துக்கும் இடையே இரண்டு ஸ்டாப், கன்னத்துக்கும் சட்டைக்கும் இடையே மூன்று ஸ்டாப். பெரிய இடைவெளி எதுவோ அதற்குள்தான் பின்னணியை நுழைக்க வேண்டும். கன்னத்தைவிட ஒன்றரை ஸ்டாப் வெளிச்சமாகவும், சட்டையைவிட ஒன்றரை ஸ்டாப் மங்கலாகவும் இருக்கிற துணிதான் எனக்குத் தேவை. மீட்டர் கணக்கில் 1/160 அல்லது 1/200.

சாம்பல் துணியை மாட்டி அதே மீட்டரில் பார்த்தேன். 1/40. கன்னத்துக்கும் அதற்கும் அரை ஸ்டாப்தான் வித்தியாசம்! முகம் துணியோடு ஒட்டிப் போயிருக்கும். கடையில் விரித்துப் பார்க்கும்போது சாம்பல் நடுத்தரமாகத்தான் தெரியும். ஆனால் ஸ்டுடியோவில் அது ஆளுக்குப் பின்னால் போகிறது, லைட்டுக்குத் தூரமாகிறது, கறுத்துவிடுகிறது.

அதே காரணம்தான் வெள்ளைத் துணியை எனக்குப் பயன்பட வைத்தது. லைட்டின் பலம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். லைட்டிலிருந்து முகம் ஒன்றரை மீட்டர். துணியை லைட்டிலிருந்து இரண்டரை மீட்டர் வருமாறு தள்ளினால் அதில் விழும் வெளிச்சம் முகத்தில் விழுவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுதான் மேல், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஸ்டாப் குறைவு. டேப் பிடித்து அளந்து வெள்ளையை அங்கே மாட்டினேன். அதற்குத் தனி லைட் எதுவும் போடவில்லை. மீட்டர் 1/160 காட்டியது. படத்தில் அது வெள்ளையாகவே தெரியவில்லை, இளஞ்சாம்பலாக இறங்கியிருந்தது. வெள்ளைச் சட்டை அதன் முன்னால் பளிச்சென்று நின்றது. சுவர் வெள்ளையாக இருக்கும் சின்ன அறையில் சுவரிலிருந்தும் வெளிச்சம் திரும்பி வரும் என்பதால் இந்தக் கணக்கு அப்படியே பலிக்காது. தூரத்தைக் கணக்குப் போட்டு வைத்துவிட்டு மீட்டரில் கட்டாயம் சரிபாருங்கள்.

சந்தன நிறத் துணியையும் ஒரு முறை மாட்டிப் பார்த்தேன். அளவு கிட்டத்தட்ட ஒத்துவந்தது. ஆனால் மனிதத் தோல் கறுப்போ மாநிறமோ சிவப்போ, நிறச் சக்கரத்தில் ஆரஞ்சுப் பக்கம்தான் இருக்கிறது. சந்தனமும் பழுப்பும் அதே பக்கம். முகத்தின் சூடு பின்னணியிலும் பரவி, முகம் சாரமில்லாமல் போனது. வெளிர்நீலத் துணி ஒன்று இருந்திருந்தால் நான் வெள்ளையைக்கூட எடுத்திருக்க மாட்டேன்.

இவ்வளவு செய்தும் முதல் படத்தில் ஒரு குறை. லைட் படாத பக்கத்துத் தோளைக் காணோம். மீட்டரை அங்கே வைத்தால் அதே 1/160. நிழலில் இருக்கும் வெள்ளைச் சட்டையும், தூரத்தில் இருக்கும் வெள்ளைத் துணியும் ஒரே அளவுக்கு இறங்கிவிட்டன. லைட் படும் பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு நான் நிறுத்தியதுதான் தவறு. நிழல் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைத் தோளுக்கு அருகில், பிரேமுக்கு வெளியே நிற்க வைத்தேன். தோள் 1/320க்கு ஏறியது. ஒரு ஸ்டாப் வித்தியாசம், ஓரம் திரும்ப வந்துவிட்டது. கன்னத்தின் நிழல் பக்கமும் கொஞ்சம் வெளுத்தது, அதில் எனக்கு வருத்தமில்லை.

எக்ஸ்போஷரை 1/125ல் மேனுவலாகப் பூட்டினேன். கன்னம் காட்டிய 1/60ஐ அப்படியே வைத்திருந்தால் கேமரா அவர் நிறத்தை நடுச் சாம்பல் அளவுக்கு வெளுக்க வைத்திருக்கும், சட்டையின் மடிப்புகளும் எரிந்து போயிருக்கும். ஒரு ஸ்டாப் குறைத்ததில் அவர் நிறம் அவர் நிறமாகவே வந்தது, காலர் தையலும் தெரிந்தது. ஆட்டோவில் விடாதீர்கள். பின்னால் வெளிர் துணி நிறைந்திருந்தால் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும்.

வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, “வெள்ளைச் சட்டைக்கு யாராவது வெள்ளைத் துணி போடுவாங்களாம்மா?” ரெக்கார்டில் எழுதி வைத்திருந்த நான்கு எண்களைக் காட்டினேன். முடி, கன்னம், துணி, சட்டை என்று வரிசையாக விரல் வைத்துப் படித்தார். அடுத்த கேள்வி, “தலை முழுக்க நரைச்ச பெரியவர் இதே சட்டையில வந்தா?”

வெளிச்ச அளவில் முடியும் சட்டையும் மேலே ஒன்றாகப் போய்விடும், முகத்தின் அளவுக்குக் கீழே முழுக்கக் காலியாக இருக்கும், அதனால் கறுப்புத் துணியைத் தயங்காமல் மாட்டலாம் என்றேன். மல்லிகைப்பூ வைத்த பெண் வந்தால் என்ன செய்வாய் என்று தொடர்ந்தார். பூவின் வெளி ஓரம் வெளிர் துணியில் கரையும், கறுப்புத் துணியில் முடி கரையும். கறுப்பைப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து முடிக்கு ஒரு சின்ன லைட் கொடுப்பேன் என்று பதில் சொன்னேன். அவர் பேனாவை எடுத்தார்.