மூன்றரை வரிக் கல்லைப் படியெடுத்தபோது

சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாயில் ஒரு படித்துறை. அதில் துணி துவைக்கப் போட்டிருந்த கல்லில் எழுத்து இருக்கிறது என்று சொந்தக்காரப் பையன் ஒருவன் போன ஆண்டு போனில் படம் எடுத்து அனுப்பினான். உடைந்த துண்டுக் கல். இடப்பக்கமும் உடைப்பு, வலப்பக்கமும் உடைப்பு. மூன்று வரியில் சில எழுத்துகள், நான்காவது வரியில் கீறல்போல் ஏதோ கொஞ்சம். முழுச்சொல் என்று ஒன்றுகூட இல்லை.

ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சுற்றுவட்டாரக் கல்வெட்டுப் படங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்துப்படி எழுதி வைக்கிறார். இரண்டு வருடமாக அவருக்கு நான் உதவி. பெரிய கோயில் சுவர்க் கல்வெட்டுகளில் பழகியிருந்ததால், இந்தச் சின்னத் துண்டை அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடித்தும் விட்டேன். நான் கொண்டுபோய்க் கொடுத்தது இது:

```
சுந்தரபாண்டிய தேவற்கு
யாண்டு 6 ஆவது
முள்ளிநாட்டு
```

சார் தாளையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல 'சுந்தர' எங்கவே இருக்கு? விரல வச்சுக் காட்டும்" என்றார். காட்ட முடியவில்லை. "முள்ளியில 'மு' எங்க?" அதுவும் இல்லை. "மூணாவது வரி எப்படி ரெண்டாவது வரி ஆச்சு?" பொருள் சரியாக வரட்டும் என்று நானே வரியை மாற்றிப் போட்டிருந்தேன். ஆண்டு முதலில் வரும், நாடு அப்புறம் வரும் என்பது மற்ற கல்வெட்டுகளைப் படித்த பழக்கம். அந்தப் பழக்கம் என் கையைப் பிடித்து எழுத வைத்திருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து நான்கு குறிகளை எழுதித் தந்தார். கல் உடைந்த இடத்துக்குச் சதுர அடைப்பின் ஒரு பாதி. எழுத்து இருந்த தடம் தெரிந்து, எது என்று தெரியாவிட்டால் ஒரு கூட்டல் குறி. எழுத்து தெரிந்தும் உறுதி இல்லையென்றால் வட்ட அடைப்பு. எத்தனை எழுத்து போயிருக்கும் என்று கணக்கிட முடியாத இடத்தில் மூன்று சிறு கோடு. இந்தக் குறிகள் ஆளுக்கு ஆள், பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதனால் எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று தாளின் தலையிலேயே எழுதிவிட வேண்டும் என்றார். ஐந்தாவது குறி ஒன்று நானே பின்னால் சேர்த்தது. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். முதல் வரியில் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான்: ண, டி, ய, தெ, வ. 'ண'வுக்கு மேல் புள்ளி இல்லை. அந்தக் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. ஏகாரத்துக்குத் தனி வடிவமும் கிடையாது, தெ என்றாலும் தே என்றாலும் ஒரே கொம்புதான். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விட மாட்டார்கள். ஆகவே கல்லில் உள்ளபடி எழுதினால் 'ணடியதெவ' என்றுதான் எழுத வேண்டும். அதைப் 'பாண்டியதேவ' என்று படிப்பது என் வேலை, கல்லில் இருப்பது அல்ல. இரண்டையும் ஒரே வரியில் கலந்துவிட்டால், பின்னால் வருகிறவருக்கு எது கல், எது நான் என்று பிரித்தறிய வழியே இல்லை.

சரி, பாண்டியதேவ என்றே வைத்துக்கொள்வோம். முன்னால் சுந்தர என்று போட்டது ஏன் தப்பு? குலசேகர, வீர, விக்கிரம, பராக்கிரம என்று எந்தப் பெயரும் அங்கே நின்றிருக்கலாம். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. முதலாம் ராஜேந்திரன் தன் மகனையே பாண்டிய நாட்டை ஆள அனுப்பினான். அந்த மகனின் கல்வெட்டுகளில் வரும் பெயர் சுந்தர சோழபாண்டிய தேவர். ஆக 'ண்டியதேவ' என்று முடிகிறவன் 11ஆம் நூற்றாண்டுச் சோழ இளவரசனாக இருக்கலாம், 13ஆம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னனாகவும் இருக்கலாம். எழுத்தின் வடிவை வைத்துக் காலம் சொல்லலாம் என்றாலும், தேய்ந்துபோன பத்துப் பதினொரு எழுத்தை ஒரு போன் படத்தில் பார்த்துச் சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை. நான் போட்ட 'சுந்தர' என்ற ஒரு சொல் இருநூறு வருடத்தை மூடிவிட்டிருக்கும்.

முதல் வரியின் வலது ஓரத்தில்தான் ஐந்தாவது குறி தேவைப்பட்டது. 'வ'வுக்கு அடுத்து அரை எழுத்து தெரிகிறது, அதோடு நின்றுவிடுகிறது. முதலில் அங்கேயும் உடைப்புக் குறி போட்டேன். மறுபடி பார்த்தபோது அந்த இடத்தில் கல்லின் விளிம்பே இல்லை. கல் தொடர்ந்து போகிறது, படம்தான் முடிந்துவிட்டது! கீழ் மூன்று வரியிலும் உடைந்த விளிம்பு படத்துக்குள்ளேயே சாய்வாகத் தெரிகிறது. மேல்வரியில் மட்டும் அது சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. கல்லில் அழிந்தது திரும்ப வராது. படத்தில் விட்டுப்போனதை ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாம். இரண்டுக்கும் ஒரே குறி போட்டால் யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். அதனால் படம் முடிகிற இடத்துக்கு ஒரு நெட்டைக் கோடு வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வரியில் 'ளி', அதற்கடுத்து 'ந', அதற்கடுத்து ஒரு கோடு. அவ்வளவுதான். சேரன்மகாதேவி வட்டாரக் கல்வெட்டுகளில் முள்ளிநாடு அடிக்கடி வருகிற பெயர், அதனால்தான் கை தானாக அங்கே போனது. ஆனால் பழைய எழுத்தில் நெடிலுக்கு இடுகிற காலும், 'ர' என்ற எழுத்தும் ஒரே வடிவம். ஆகவே அது 'நா'வாக இருக்கலாம், 'நர'வாகவும் இருக்கலாம். நா என்றால் நாடு, நாழி, நாயனார், நாச்சியார், நான்கெல்லை என எத்தனையோ. நர என்றால் நரசிங்கன் போல ஒரு பெயர். முழு வரி கிடைத்திருந்தால் பொருளே தீர்ப்புச் சொல்லிவிடும். இங்கே தீர்ப்புச் சொல்லப் பக்கத்துச் சொல் எதுவும் இல்லை.

மூன்றாவது வரிதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. 'ண', 'டு', அப்புறம் 'சு' போல ஒன்று. பழைய தமிழ் எண்களில் ஆறு என்பதன் வடிவம் ௬. சு என்ற எழுத்துக்கும் அதற்கும் பார்வைக்கு வேறுபாடு கிடையாது. 'யாண்டு ௬' என்றால் ஆட்சியாண்டு ஆறு. 'கொண்டு சு...' என்றால் அது வேறு வாக்கியம், எண்ணே இல்லை. இதில் இன்னொரு சிக்கல். பையன் படம் எடுக்கும் முன் எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று பள்ளத்தில் சாக்பீஸ் தேய்த்திருக்கிறான். 'சு'வின் கீழ்ச்சுழி படத்தில் வெள்ளைக் கோடாக மட்டுமே தெரிகிறது. அடியில் உளி வெட்டு இருக்கிறதா, அல்லது அது அவன் இழுத்த கோடுதானா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. சாக்பீஸ் தேய்த்த கல்வெட்டுப் படம் என்பது பாதி கல், பாதி தேய்த்தவர் படித்த படிப்பு. அதனால் அந்த எழுத்து வட்ட அடைப்புக்குள் போனது.

நான்காவது வரியில் மூன்று எழுத்தின் தலைகள் மட்டும். மூன்று கூட்டல் குறி. ஒன்றும் புரியவில்லையே என்று அந்த வரியை விட்டுவிடத் தோன்றியது. விட்டிருந்தால் கல்வெட்டு மூன்று வரியோடு முடிந்தது என்று ஆகியிருக்கும்.

இரண்டாம் முறை கொண்டுபோனது இது:

```
படத்தில் உள்ளபடி
] கல் உடைப்பு (இடம்)   [ கல் உடைப்பு (வலம்)
| படம் முடிகிற இடம்    + படிக்க இயலாத எழுத்து
( ) உறுதியில்லாத எழுத்து
--- அளவு தெரியாத இழப்பு

1  ---] ணடியதெவ + |
2  ---] ளிநா [---
3  ---] ணடு(சு) [---
4  ---] + + + [---

வரி 2: நா அல்லது நர.
வரி 3: சு அல்லது ௬; கீழ்ச்சுழி சாக்பீஸில் மட்டும்.
```

அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, 'என் ஊகம்' என்று தலைப்பிட்டு, பாண்டியதேவ, முள்ளிநாடு, யாண்டு 6 மூன்றையும் காரணத்தோடு எழுதினேன். ஊகம் எழுதுவதை சார் ஒருநாளும் தடுத்ததில்லை. அதற்கென்று தனி இடம் வேண்டும் என்பார், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் நேரில் போனேன். வெயில் சாய்கிற நேரம்தான் கல்வெட்டு பார்க்க ஏற்றது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் மெல்லிய வெட்டுக்கும் நிழல் விழும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர், "இந்தக் கல்லா? எங்க மாமியாரு காலத்துலேருந்து இங்கதான கெடக்கு" என்று சொல்லி வாளியை நகர்த்தி இடம் விட்டார். கல்லில் தண்ணீர் ஊற்றிக் கையால் தேய்த்ததும் சாக்பீஸ் போய்விட்டது. டார்ச்சைக் கல்லோடு ஒட்டிக் கிடத்திப் பிடித்தேன்.

மூன்றாவது வரியில் கீழ்ச்சுழி உண்மையிலேயே உளிவெட்டுதான். பையன் சரியாகத்தான் தேய்த்திருக்கிறான். ஆனால் அது எழுத்தா எண்ணா என்பது கல்லிலும் தெரியவில்லை. சுழி முடிகிற இடத்திலேயே உடைப்பு. முதல் வரியில் படம் விட்டுவிட்ட இடத்தில் 'றகு' என்று இரண்டு எழுத்து தெளிவாக நின்றன. 'தேவற்கு'! அரை மணி நேரத்தில் நான் ஊகித்து எழுதியதும் இதே சொல்தான். ஆனால் அன்றைக்கு அது நான் போட்டது, இன்றைக்கு நான் பார்த்தது.

திரும்பி வந்து படத்தின் படியைத் திருத்த உட்கார்ந்தேன். "அத ஏன் தொடுதீரு? அந்தப் படத்துல அவ்வளவுதான தெரியுது" என்றார் சார். உண்மைதான். நாளைக்கு ஒருவர் அந்தப் படத்தைத் திறந்து என் தாளோடு ஒப்பிட்டால், 'றகு' எங்கே என்று தேடுவார். ஆகவே படத்தின் படி அப்படியே இருக்கிறது. 'கல்லில் நேரில் பார்த்தபடி' என்று தேதியோடு இன்னொரு தாள் சேர்த்தேன். அதில் முதல் வரி 'ணடியதெவறகு [---' என்று முடிகிறது, மூன்றாவது வரியில் சாக்பீஸ் குறிப்பு இல்லை. மற்றதெல்லாம் முதல் தாளில் உள்ளபடியே. நான்காவது வரியில் இன்னும் மூன்று கூட்டல் குறிதான். கால்வாயில் தண்ணீர் அடைக்கிற நாட்களில் கல்லின் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்து கல்லில் தாளை ஒற்றி மை தடவி மைப்படி எடுத்துப் பார்க்கலாம் என்று சார் சொல்லியிருக்கிறார்.